மொழிபெயர்ப்பாளர் தேவை: அந்தச் செய்தி முதலில் எங்கே வருகிறது?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ் பேசும் ஒருவர் அரச அலுவலகம் ஒன்றுக்குப் போனால், அவருடைய கண் முதலில் தேடுவது தமிழ் தெரிந்த ஒரு முகத்தைத்தான். தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளையின் பிறப்புப் பதிவைத் திருத்த வந்த தாய்க்கும், பலாங்கொடையில் கடை வைத்திருக்கும் வாப்பாவுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. சட்டம் வந்து இத்தனை காலமாகியும், சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழாக்கித் தருவதற்கான ஆட்கள் எங்கள் பக்கத்தில் போதவில்லை. எனவே வீட்டில் தமிழும், தெருவில் சிங்களமும், வகுப்பில் ஆங்கிலமுமாக வளர்கின்ற எங்களைப் போன்ற கலைப் பிரிவு மாணவியருக்கு மொழிபெயர்ப்பு நல்லதொரு தொழில். பெற்றோருக்கும் அது பிடிக்கும். அலுவலகத்தில் இருந்தும் செய்யலாம், வீட்டில் இருந்தும் செய்யலாம்.

ஆனால் அந்தத் தொழிலுக்கான அழைப்பு எங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் பழையதாகி விடுகிறது. பெரிய வேலைவாய்ப்பு இணையத்தளங்களிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வருவதற்கு முன்னர் அச்செய்தி வேறு எங்கெல்லாம் இருந்தது என்று இரண்டு மாதமாகத் தேடிப் பார்த்தேன். நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருந்துதான். எல்லாத் தொழிலையும் ஒன்றாகப் பேசப் போனால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

முதலில் ஒரு கணக்கு. என் சாச்சியின் மூத்த மகளை நாங்கள் எல்லோரும் தாத்தா என்றே கூப்பிடுவோம். பட்டம் முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் பதவிக்கான போட்டிப் பரீட்சை ஒன்றுக்காகக் காத்திருந்தவர். வர்த்தமானியில் அந்த அறிவித்தல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்ப முடிவுத் திகதி 32ஆம் நாள், திங்கட்கிழமை. தாத்தாவின் வாட்ஸ்அப்புக்கு அந்த அறிவித்தலின் படம் வந்து சேர்ந்தது 26ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. யாரோ ஒரு வகுப்பு ஆசிரியர் போட்டதை, யாரோ ஒரு குழுவில் இட்டு, அங்கிருந்து ஒரு மாமியின் மூலமாக வந்தது.

மிச்சம் ஆறு நாட்கள் இருக்கின்றனவே என்று தோன்றும். அதில் சனியும் ஞாயிறும் போகும். விண்ணப்பம் பதிவுத் தபாலில் திங்களன்று கொழும்பில் இருக்க வேண்டுமானால், எங்கள் ஊர்த் தபாலகத்தில் புதன் அல்லது வியாழனில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே உண்மையில் கையில் இருந்தது இரண்டு நாட்கள். அந்த இரண்டு நாட்களில் பரீட்சைக் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அதிபர் அல்லது சமாதான நீதவான் ஒருவரின் முன்னால் கையொப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும். சான்றிதழ்களைப் பிரதி எடுக்க வேண்டும். தாத்தாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. அதற்கு ஒரு சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ந்து, செவ்வாயன்று கொழும்பை அடைந்தது. ஒரு நாள் பிந்தியது. பிந்தியவை நிராகரிக்கப்படும் என்று அறிவித்தலிலேயே எழுதியிருந்தது, நிராகரித்தார்கள். இத்தகைய பரீட்சை எப்போது மீண்டும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வயதெல்லையோ ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வருகிறது.

இப்போது சில பரீட்சைகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். தபால் நாட்கள் மிஞ்சும் என்பது உண்மைதான். பெயர் வேறுபாட்டுக்கான சத்தியக்கடதாசியை இணையம் எழுதித் தராது.

இந்தக் கணக்கில் தொலைந்து போனவை 25 நாட்கள். அந்த நாட்களில் அறிவித்தல் ஒளிந்து இருக்கவில்லை. யாரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. அரச பதவிகளைப் பொறுத்தவரை, நாட்டின் மிகப் பழைய சிறப்புச் செய்தியிதழ் வர்த்தமானிதான். 1802 மார்ச் 15ஆம் திகதி முதல் இதழ் வந்தது. இன்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மொழிகளிலும் வருகிறது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் documents.gov.lk என்ற தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். முதலாம் பகுதியின் இரண்டு ‘அ’ தொகுதியில்தான் பதவி வெற்றிடங்களும் பரீட்சைகளும் வரும். காணி அறிவித்தல்களும் கேள்விப்பத்திரங்களும் வேறு தொகுதிகள். அவற்றைத் திறந்து பார்த்துப் பயந்து மூடிவிட வேண்டாம். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தொகுதி மட்டுமே. வாரத்தில் அரை மணித்தியாலம் போதும்.

அதே இதழில் இன்னொரு சிறிய குறிப்பு இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. இன்ன வெள்ளிக்கிழமை இதழில் வர வேண்டிய அறிவித்தல்கள், அதற்கு இரண்டு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு முன் அச்சகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதாவது நாங்கள் வாசிக்கும் அறிவித்தல் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே எழுதி முடிக்கப்பட்டது. அந்த இரண்டு வாரத்தில் அது வருவது அந்தத் திணைக்களத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைத் தெரிந்திருந்தால் குறுக்கு வழியில் பதவி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சத்தியக்கடதாசியை அந்த இரண்டு வாரத்திலேயே முடித்துவைக்கலாம்.

மூலத்தை வாசிப்பதில் நேரத்தைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. கைமாறி வரும் படத்தில் மேல் ஓரமும் கீழ் ஓரமும் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் பெரும்பாலும் மிக முக்கியமான சொல் போய்விடும். திறந்த போட்டிப் பரீட்சை என்றால் தகைமை உள்ள எவரும் தோற்றலாம். மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்றால் ஏற்கனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கு மட்டும். தலைப்பில் அந்த ஒரு சொல் இல்லாத படத்தை நம்பி, எங்கள் ஊரில் ஒரு குடும்பம் கட்டணமும் கட்டிவிட்டுப் பிறகுதான் விஷயத்தை அறிந்தது.

தேடும் சொல்லையும் கவனிக்க வேண்டும். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்களில் சாட்சி சொல்பவரின் பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். அவர்களை எடுப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. அந்த அறிவித்தல் வேறொரு தலைப்பின் கீழே வரும். ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று மட்டும் தேடுகிறவர் அதைக் காணவே மாட்டார். மாகாண சபையின் வெற்றிடங்கள் வேறு. சப்ரகமுவ மாகாணத்தின் அறிவித்தல்களை மாகாண அலுவலகங்களின் பலகையிலும் அவர்களுடைய தளத்திலும்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் மாகாணத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். இது எங்களுக்குச் சாதகமான நிபந்தனை.

ஒரு படம் உண்மையா என்று சந்தேகம் வந்தால் இலக்கத்தைப் பாருங்கள். வாராந்த வர்த்தமானிக்குத் தொடரிலக்கம் உண்டு, வாரத்துக்கு ஒன்று கூடும். இந்த வெள்ளியின் இலக்கம் தெரிந்தால், ஐந்து வாரத்துக்கு முந்திய இதழின் இலக்கம் அதில் ஐந்து குறைவாக இருக்க வேண்டும். இலக்கத்துக்குப் பின்னால் சாய்கோடு போட்டு இன்னோர் எண் இருந்தால் அது அதிவிசேட வர்த்தமானி; எந்த நாளிலும் வரும். படத்தில் இலக்கமும் திகதியும் ஒத்து வராவிட்டால், அல்லது இரண்டுமே இல்லாவிட்டால், மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஒரு ரூபாயும் கட்டக் கூடாது.

இதுவரை சொன்னது அரச பக்கம். அங்கே நியாயம் கருதிச் செய்தியைப் பகிரங்கமாகப் போடுகிறார்கள். தேடிப் போய் வாசிப்பது மட்டும் எங்கள் வேலை. தனியார் பக்கத்தில் நிலைமை தலைகீழ். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கோ வெளிநாட்டில் ஒரு மொழிபெயர்ப்பு முகவரகத்துக்கோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் விளம்பரம் எழுத உட்காருவதில்லை. ஏற்கனவே தங்களிடம் வேலை செய்பவரிடம் கேட்பார்கள். அவருக்கு நேரமில்லை என்றால், வேறு யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் இடத்தில் தேடுவார்கள். இத்தனையும் தோற்ற பிறகுதான் பெரிய தளத்தில் விளம்பரம் வரும். அங்கே வரும்போது ஒன்று நூறு பேர் விண்ணப்பித்திருப்பார்கள், அல்லது சம்பளம் குறைவு என்று அனுபவசாலிகள் கைவிட்ட வேலையாக அது இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் இடங்களில் மிகவும் பெயர் பெற்றது ProZ.com. 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது. இதில் வேலை அறிவித்தல் பக்கம் ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். ஆனால் அந்தத் தளம் நடக்கும் விதத்தைப் பார்த்தால், வேலை பிறப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் அல்ல.

அங்கே KudoZ என்று ஒரு பகுதி. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் தட்டிவிடுகிறது. மருத்துவ அறிக்கையில் ஒரு நோயின் பெயர், காணி உறுதியில் ஒரு சட்டச் சொல் என்று எதுவாகவும் இருக்கலாம். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்பதைக் குறித்து, அந்த வாக்கியத்தோடு கேள்வியை இடுவார். மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். எவ்வளவு நிச்சயம் என்பதையும் குறிக்க வேண்டும். சக மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஆமோதிக்கலாம், மறுக்கலாம். கடைசியில் கேட்டவர் ஒரு பதிலைத் தெரிவு செய்து, அதிகபட்சம் 4 புள்ளிகள் கொடுப்பார். முகவரகங்கள் அந்தத் தளத்தின் பெயரேட்டில் ஆட்களைத் தேடும்போது, அந்த மொழிச் சோடியில் புள்ளிகள் அதிகம் பெற்றவர்கள் மேலே வருவார்கள். பின்னர் முகவரகம் நேரடியாக அவருக்கே எழுதும். விளம்பரமே இல்லாமல் ஒரு வேலை தொடங்கி முடிந்துவிடும்.

எனவே வேலை தேடி அங்கே போகிறவர் வேலைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தெருக்கோடியில் நின்று சந்தையைப் பார்க்கிறவர் போலத்தான். ‘சாதி’ என்ற சொல்லை ஒரு மக்கள்தொகைப் படிவத்தில் எப்படி ஆங்கிலமாக்குவது, தோட்டத்துப் ‘பேர்’ என்ற வழக்கை எப்படி விளக்குவது என்று ஒருவர் கேட்கும்போது சரியான பதில் எழுதுபவர்தான் அங்கே கண்ணில் படுகிறார். தோட்டத்தில் ஒரு நாள் பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு என்பது சென்னையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும்.

எங்கள் வயதில் அங்கே வேலைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பழைய கேள்விகளையும் பதில்களையும் பதிவு செய்யாமலேயே வாசிக்கலாம். ஓர் ஆண்டு வாசித்தால், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், எந்தத் துறைக்கு ஆட்கள் குறைவு, யார் நியாயமாகப் பணம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபடத் தொடங்கும்.

பணம் கொடுப்பதைப் பற்றிச் சொல்வதானால், இதே தளத்தில் Blue Board என்ற பதிவேடு இருக்கிறது. வேலை கொடுத்தவர்களைப் பற்றி வேலை செய்தவர்கள் எழுதுவது. மறுபடியும் இவருக்கு வேலை செய்வீர்களா என்ற கேள்விக்கு 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். பெற்றோர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முன்கூட்டி வரும் செய்திக்கு ஓர் ஆபத்து உண்டு. பகிரங்கமாக வராத செய்தியை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஏமாற்று வேலைகள் சில வகைகளாகவே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மாதிரி மொழிபெயர்ப்பு. உங்கள் தரத்தைப் பார்க்க ஒரு சிறு பகுதியை இலவசமாகச் செய்யச் சொல்வது வழக்கம்தான். அது ஒரு பக்கத்துக்குள், இருநூறு முந்நூறு சொல்லுக்குள் இருக்கும். இரண்டாயிரம் சொல் வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு புத்தகத்தைப் பத்துத் துண்டாக்கிப் பத்துப் பேருக்கு ‘மாதிரி’ என்று அனுப்பினால் புத்தகம் இலவசமாக முடிந்துவிடும். துண்டு நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால் அதுவே அடையாளம்.

இன்னொன்று, காசோலை. வேலைக்கு 30,000 ரூபாய் பேசியிருப்பார்கள், 90,000 ரூபாய்க்குக் காசோலை வரும். தவறுதலாகக் கூடிவிட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். நீங்கள் 60,000 அனுப்பிய பின்னர் காசோலை செல்லாது என்று வங்கி சொல்லும். எந்த உண்மையான வாடிக்கையாளரும் கூடுதலாகக் கொடுத்துத் திருப்பிக் கேட்பதில்லை.

மூன்றாவது, பெயர் திருடுவது. மொழிபெயர்ப்பாளர்களின் சுயவிபரக் கோவையை இணையத்திலிருந்து எடுத்து, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, அந்தப் பெயரிலேயே வேலை வாங்கிவிடுகிறார்கள். உழைத்துச் சேர்த்த நற்பெயர் இன்னொருவன் கையில் கெட்டுப்போகும். இதனால் முழு விபரக் கோவையையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி போடக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் பெண் பிள்ளைகளின் கோவையில் கட்டாயம் இருக்கக் கூடாது. இது என் உம்மாவும் ஒத்துக்கொண்ட விஷயம். மற்ற விஷயங்களில் எங்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது.

முகவரகத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்தால், அது எந்த முகவரியிலிருந்து வந்தது என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களாகவே போய், அங்கே உள்ள முகவரிக்கு எழுதி, இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேட்கலாம். வந்த கடிதத்திற்குள் இருக்கும் இணைப்பை அழுத்திச் சரிபார்த்தால் அது சரிபார்ப்பாகாது.

இனி ஊருக்குள் வருவோம். தொழில் மன்றங்களும் தளங்களும் ஒரு பக்கம் இருக்க, எங்கள் மாவட்டத்தில் மொழிபெயர்ப்பு வேலை கைமாறும் இடம் நீதிமன்ற வளவைச் சுற்றித்தான். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேதான் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று அவர்களிடம் வேலை குவியும். வெளிநாடு போகும் காலங்களில் தாங்க முடியாமல் குவியும். தட்டச்சு செய்யவும், முதல் வரைவு எழுதவும் ஒருவரைத் தேடுவார்கள். அந்தத் தேடல் எந்தப் பத்திரிகையிலும் வராது. பக்கத்துத் தட்டச்சுக் கடையில் வாய்வார்த்தையாகத்தான் இருக்கும். ஆனால் கையொப்பமும் முத்திரையும் அவருடையவை. உதவியாளர் எழுதியதைத் தன் பெயரில் கொடுக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

இந்தச் செய்தி எங்கள் காதுக்கு எப்படி வரும்? இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பொஸ்டனுக்கு அருகே நியூட்டன் என்ற இடத்தில், வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். அதை வைத்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு தடவையாவது சந்தித்தேன் என்றவர்கள் 16.7 வீதம் மட்டுமே. இடைக்கிடை என்றவர்கள் 55.6 வீதம். வருடத்துக்கு ஒரு தடவை அல்லது அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8 வீதம்.

நெருங்கிய தோழியர் உதவ விரும்பாதவர்கள் என்பதல்ல இதன் பொருள். அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரே லயத்தில் இருப்பவர்களுக்கு ஒரே செய்திதான் வரும். ஒரே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் இருந்தாலும் சுற்றுவது ஒரே படம்தான். வேறு வட்டத்தில் நடமாடும் ஒருவர்தான் வேறு செய்தி கொண்டுவருவார். திருமணமாகிக் கல்முனைக்குப் போய்ப் பிரதேச செயலகமொன்றில் வேலை செய்யும் பழைய மாணவியும், வாப்பாவின் கடைக்குக் கொழும்பிலிருந்து சாமான் அனுப்புபவரும், யாழ்ப்பாணத்திலோ களனியிலோ மொழிபெயர்ப்புக் கற்கை படிக்கும் தூரத்து உறவும் அத்தகையவர்கள். பெருநாளைக்கு ஒரு தடவை வாழ்த்துச் சொல்கிற அளவுக்கே பழக்கம் இருக்கும்.

பழைய மாணவியர் சங்கத்தின் பதிவேட்டை இந்தக் கண்ணோடு பார்த்தேன். ஆண்டுவாரியாகப் பெயர் இருந்தது, தொழில் இல்லை. சங்கத்தின் செயலாளராக இருக்கும் ஆசிரியையின் அனுமதியுடன், தொழிலையும் வேலை செய்யும் மாவட்டத்தையும் கேட்டு ஒரு சிறு படிவம் அனுப்பினோம். மொழி சம்பந்தமான வேலையில் ஒன்பது பேர் இருப்பது தெரிய வந்தது. அவர்களில் ஒருவர் எங்கள் பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் இருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம் கேட்கும் விதமும் ஒன்று இருக்கிறது. ‘ஏதாவது வேலை இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதைத் தவிர அவரால் வேறு சொல்ல முடியாது. அவர் கையில் வேலை இருப்பதில்லை, செய்திதான் இருக்கிறது. ஆகையால் செய்தியைக் கேட்க வேண்டும். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

“அஸ்ஸலாமு அலைக்கும் தாத்தா. நான் 2ஆம் வருட உயர்தரக் கலைப் பிரிவு மாணவி. மொழிபெயர்ப்புப் படிக்க விருப்பம். உங்கள் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பை யார் செய்கிறார்கள்? ஆள் தேவைப்பட்டால் அந்தச் செய்தியை முதலில் எங்கே போடுவார்கள்? நேரம் கிடைக்கும்போது பதில் போட்டால் போதும்.”

ஒன்பது பேரில் ஆறு பேர் பதில் எழுதினார்கள். மூன்று பேர் சொன்னது வர்த்தமானி. ஒருவர், தங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும்போது வெளியே பலகையில் மட்டும் ஒட்டுவார்கள், தளத்தில் வராது என்றார். அரச சார்பற்ற நிறுவனமொன்றில் இருக்கும் இருவரும் ReliefWeb என்ற தளத்தைச் சொன்னார்கள். ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவலகம் 1996இலிருந்து நடத்துவது. அதில் நாட்டின் பெயரைக் கொடுத்துப் பதிந்தால் புதிய வெற்றிடங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அவ்விருவரில் ஒருவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: வெள்ளம், மண்சரிவு வந்து இரண்டு மூன்று நாளில் களத்துக்குத் தமிழ் தெரிந்த பெண்கள் அவசரமாகத் தேவைப்படுவார்கள், அந்தச் செய்தி எந்தத் தளத்துக்கும் வர நேரம் இருக்காது, முன்பு பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிடுவோம் என்று. அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்வது என்று திருப்பிக் கேட்டேன். 18 வயது நிரம்ப வேண்டுமாம். சப்ரகமுவ மாகாணத்தில் களுகங்கை பெருகாத ஆண்டு குறைவு என்பதால், என் பெயரையும் பிறந்த திகதியையும் குறித்துவைத்திருப்பதாகச் சொன்னார்.

இந்த விபரங்களை ஒரு கொப்பியில் எழுதி வகுப்பறை அலுமாரியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விஷயங்கள்: செய்தி முதலில் வந்த இடம், வந்த திகதி, எங்கள் கைக்குக் கிடைத்த திகதி, முடிவுத் திகதி. வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்ப்பது முறைவைத்து இருவர். இதுவரை எழுதிய 14 பதிவுகளில், வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை மூலத்திலிருந்து சராசரியாக 16 நாட்கள் பிந்தியிருக்கின்றன. முறை வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு பதிந்தவை, அதே வெள்ளியிலோ மறுநாளோ கைக்கு வந்தவை. மேல் வகுப்பு மாணவியர் பரீட்சை முடிந்து போகும்போது கொப்பி அடுத்த வகுப்புக்குப் போகும். விரும்பும் பெற்றோர் நூலகப் பொறுப்பாசிரியையிடம் சொல்லிப் பார்க்கலாம்.